வாடகை ஒப்பந்தத்தை நாமே எழுதிப் பார்ப்போம்: அட்வான்ஸ், நோட்டீஸ், ரிப்பேர்

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடகை வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் பதினெட்டாயிரம் ரூபாய் குறைந்து வந்தது. கேட்டதற்கு, “பெயிண்டிங் செலவு, அது இதுன்னு எல்லாம் இருக்கே சார்” என்றார் வீட்டுக்காரர். வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். ‘வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியது’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஐந்து வருடம் ஆள் குடியிருந்த சுவர் எனக்கு நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. அவருக்கு அப்படித் தெரியவில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு நான் அவரிடம் வாதாட ஒன்றுமில்லை.

டைப்பிங் கடைகளில் கிடைக்கும் பத்திரங்களில் பெரும்பாலும் இதே மாதிரி வரிகள்தான் இருக்கும். ஆகவே ஒரு பயிற்சியாக, அந்த வழக்கமான வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சண்டை வரும் நாளில் தாங்குமா என்று பார்த்து, தாங்காததைத் திருத்தி எழுதுவோம். பயிற்சிக்கு ஒரு கற்பனை வீடு: சென்னைப் புறநகரில் முதல் மாடி, இரண்டு படுக்கையறை. வாடகை மாதம் ரூ.14,000. அட்வான்ஸ் ரூ.42,000. காலம் 1.6.2025 முதல் 30.4.2026 வரை, பதினோரு மாதம்.

முதலில் தலைப்பகுதி

இதற்கு அதிக நேரம் வேண்டாம். தேதி, இரண்டு பேரின் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, நிரந்தர முகவரி, கைபேசி எண், வீட்டின் கதவு எண்ணோடு முழு முகவரி, மின் இணைப்பு எண் இவ்வளவும் இருந்தால் போதும். வாடகை எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய பத்திரங்களில் ‘முதலாம் நபர்’, ‘இரண்டாம் நபர்’, ‘மேற்படி நபர்’ என்று போய்க்கொண்டே இருக்கும். இன்னொருவருடைய பத்திரத்தைத் திருத்தி டைப் செய்யும்போது இந்த எண்கள் இடம் மாறிவிடும். வீட்டுக்காரர் குடியிருப்பவருக்கு மாதாமாதம் வாடகை தர வேண்டும் என்று சொல்லும் பத்திரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேரும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ‘உரிமையாளர்’, ‘வாடகைதாரர்’ என்ற இரண்டே சொற்களைக் கடைசி வரை பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

ஏன் பதினோரு மாதம்? 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்க வந்த பழக்கம் இது. ஆனால் தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதினோரு மாதம் என்று போட்டுவிட்டால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று சிலர் சொல்வது இந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை.

அட்வான்ஸ்

வழக்கமான வரி இப்படி இருக்கும்:

> மேற்படி அட்வான்ஸ் தொகையை வீட்டைக் காலி செய்யும்போது பாக்கி போக மீதியை வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டியது.

படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ‘காலி செய்யும்போது’ என்றால் எப்போது? சாமான் ஏற்றிய லாரி கிளம்பும்போதா, சாவி கொடுத்த பிறகா, அடுத்த ஆள் குடி வந்த பிறகா? நடைமுறையில் பல வீட்டுக்காரர்கள் மூன்றாவதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கிய அட்வான்ஸ் என்றோ செலவாகியிருக்கும். அடுத்தவரிடம் வாங்கித்தான் இவருக்குத் தர முடியும். குடியிருப்பவருக்கோ இந்தப் பணம் வந்தால்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட முடியும். இரண்டு பேரின் கஷ்டமும் உண்மை. அதனால்தான் தேதியை எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்தது ‘பாக்கி’. வாடகை பாக்கி மட்டுமா, கரண்ட் பில்லுமா, பெயிண்டிங்குமா? சென்னைப் பக்கம் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எழுதப்படாத வழக்கம் போலவே ஆகிவிட்டது. ஆனால் 2017-ஆம் வருடச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பட்டியலில் இருக்கின்றன. பிடித்துக்கொள்வதாக இருந்தால் குடி வரும் அன்றைக்கே வெளிப்படையாகப் பேசி, தொகையோடு எழுதட்டும். வாடகைதாரர் பேரம் பேச வேண்டிய நேரமும் அதுதான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சம்மதித்திருந்தால் தவிர என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. எனவே அதிகத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டி மீதியைக் கேட்பது கடினம். திருப்பித் தரும் காலத்தையும் அதே சட்டம் சொல்கிறது: காலி செய்த ஒரு மாதத்துக்குள். நாம் அதற்குள் அடங்கும்படி இன்னும் நெருக்கமான தேதியை வைப்போம்.

திருத்திய வடிவம்:

> 1. வாடகைதாரர் ரூ.42,000 (ரூபாய் நாற்பத்திரண்டாயிரம் மட்டும்) அட்வான்ஸாக 28.5.2025 அன்று வங்கி மூலம் செலுத்தியிருக்கிறார். உரிமையாளர் பெற்றுக்கொண்டார். இதற்கு வட்டி இல்லை.
>
> 2. சாவியை ஒப்படைக்கும் நாளில் இருவரும் இணைப்புப் பட்டியலை வைத்து வீட்டைப் பார்வையிட வேண்டும். அன்றே உரிமையாளர் அட்வான்ஸில் பாதியைத் தர வேண்டும். மீதியை, பிடித்தங்களின் எழுத்துக் கணக்கோடும் பில்களோடும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். அடுத்த வாடகைதாரர் வராததைக் காரணமாகச் சொல்லக் கூடாது.
>
> 3. பிடிக்கக்கூடியவை இவை மட்டும்: வாடகை பாக்கி, நோட்டீஸ் நாள் குறைவு, சாவி ஒப்படைக்கும் நாள் வரையிலான மின் கட்டணம், வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தைச் சரிசெய்யும் செலவு. இயல்பான தேய்மானத்துக்கும் பெயிண்டிங்குக்கும் பிடித்தம் இல்லை.
>
> 4. தாமதமானால், தர வேண்டிய தொகைக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி சேரும்.

இரண்டாவது விதியில் பாதிப் பணம் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முழுத் தொகையையும் அன்றே கொடுத்துவிட்டால், பிறகு தெரியவரும் கரண்ட் பில்லுக்கு வீட்டுக்காரர் யாரைப் போய்த் தேடுவார்? ஒன்றுமே கொடுக்காமல் சாவியை வாங்கிவிட்டால், குடியிருந்தவர் தினம் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாதி என்பது இரண்டு பயத்துக்கும் நடுவில்.

மூன்றாவதில் ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பட்டியல் வெறும் உதாரணமாகிவிடும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வழி பிறக்கும்.

நோட்டீஸ்

> இரு தரப்பினரும் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துக் காலி செய்துகொள்ள வேண்டியது.

இதில் நோட்டீஸை எப்படிக் கொடுப்பது என்று இல்லை. மாடிப்படியில் பார்த்தபோது சொன்னது நோட்டீஸா? வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீலக் குறி விழவில்லை என்றால்? மாத நடுவில் கொடுத்தால் அந்த மாதம் கணக்கில் வருமா? பல வீட்டுக்காரர்கள் ஒன்றாம் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். குடியிருப்பவர் சொன்ன நாளிலிருந்து எண்ணுவார். பத்தாம் தேதி கொடுத்த நோட்டீஸில் இந்த ஒரு வித்தியாசமே இருபது நாள் வாடகை. அதனால் மாதத்தை விட்டுவிட்டு நாளில் எழுதுவோம்.

> 5. ஒப்பந்தக் காலம் முடியும் முன் காலி செய்ய விரும்பும் வாடகைதாரரோ, காலி செய்யக் கேட்கும் உரிமையாளரோ 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கையில் கொடுத்துக் கையெழுத்துப் பெறலாம், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம், அல்லது இந்த ஒப்பந்தத்தில் உள்ள கைபேசி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கொடுத்த அல்லது அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து 60 நாட்கள் எண்ணப்படும்.
>
> 6. வாடகைதாரர் அதற்கு முன்பே காலி செய்தால், குறையும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் வாடகை தர வேண்டும். ஒரு நாள் வாடகை என்பது மாத வாடகையில் முப்பதில் ஒரு பங்கு. அந்த நாட்களுக்குள் வேறு வாடகைதாரர் குடி வந்துவிட்டால், அவர் வந்த நாளிலிருந்து இந்தத் தொகை கிடையாது.
>
> 7. நோட்டீஸ் காலத்தில் வாடகையை வழக்கம்போல் செலுத்த வேண்டும். இருவரும் எழுத்தில் சம்மதித்தால் தவிர அட்வான்ஸில் கழிக்க முடியாது.

ஏழாவது விதி வாடகைதாரருக்குப் பிடிக்காது, தெரியும். காலி செய்யப் போகிறோம் என்றதும் கடைசி இரண்டு மாதம் வாடகை தராமல் ‘அட்வான்ஸில் கழிச்சுக்குங்க’ என்று சொல்வதுதான் வழக்கம். அட்வான்ஸ் திரும்பி வராது என்ற பயத்தில் செய்வது அது. இரண்டாவது, நான்காவது விதிகள் பலமாக இருந்தால் அந்த பயத்துக்கு வேலையில்லை. அவற்றை வீட்டுக்காரர் ஏற்க மறுத்தால் ஏழாவதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இவை ஜோடியாக வர வேண்டியவை.

வீட்டுக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டீஸ் நாள் முடிந்தும் ஆள் போகவில்லை என்றால் வழி வாடகை நீதிமன்றம்தான். அங்கேயும் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று வேண்டும். கதவுக்குப் பூட்டுப் போடுவதும், தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் சட்டப்படி கூடாது. ‘காலி செய்யாவிட்டால் மின் இணைப்பைத் துண்டிக்க உரிமையுண்டு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் பயன் இல்லை. அந்த வரி வீட்டுக்காரருக்கே எதிராகத் திரும்பும்.

ரிப்பேர்

> சிறு பழுதுகளை வாடகைதாரரும் பெரிய பழுதுகளை உரிமையாளரும் சரிசெய்துகொள்ள வேண்டியது.

எது சிறிது, எது பெரிது என்பது யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். சிலர் தொகையை வைத்துப் பிரிப்பார்கள்: ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் வாடகைதாரர், அதற்கு மேல் உரிமையாளர். எனக்கு இந்த முறை பிடிக்காது. சுவருக்குள் ஓடும் பழைய குழாய் ஒழுகுகிறது என்றால், ஒட்டுப்போட ஒவ்வொரு முறையும் எண்ணூறு ரூபாய் ஆகும். வருடத்துக்கு நான்கு முறை ஒட்டுப்போட்டும் குழாயை மாற்ற வேண்டிய பொறுப்பு உரிமையாளரிடம் போகவே போகாது. பொருளை வைத்துப் பிரிப்பதே நல்லது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அப்படித்தான் பிரிக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். டேப், வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை வாடகைதாரர் பக்கம். கீசர் பழுதும் வாடகைதாரர் பட்டியலில்தான் இருக்கிறது. பத்து வருடப் பழைய கீசர் மாட்டிய வீட்டுக்குள் போய் இரண்டாம் மாதம் அது புட்டுக்கொண்டால், இது தெரியாதவருக்கு அதிர்ச்சிதான். ஆகவே அட்டவணையை அப்படியே ஒட்டிவிடாமல், இந்த வீட்டில் இருக்கும் பொருட்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தண்ணீர் மோட்டார் அதில் முக்கியமானது. அபார்ட்மென்ட் இல்லாத வீடுகளில் அதிகச் சண்டை அதைச் சுற்றித்தான்.

> 8. உரிமையாளர் பொறுப்பு: கூரை ஒழுகல், சுவர் ஓதம், காரை பெயர்தல், சுவருக்குள் உள்ள குழாயும் வயரிங்கும், கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர் மோட்டார், மாடித் தொட்டி, கீசரை மாற்றுவது.
>
> 9. வாடகைதாரர் பொறுப்பு: டேப், வாஷர், சுவிட்ச், சாக்கெட், பல்பு, பூட்டு, கண்ணாடி, கொசுவலை, வீட்டுக்குள் ஏற்படும் சாக்கடை அடைப்பு, கீசரின் சிறு பழுது (வருடத்துக்கு ரூ.1,000 வரை, அதற்கு மேல் ஆவதை உரிமையாளர் ஏற்க வேண்டும்). வாடகைதாரரின் கவனக்குறைவால் உடைந்தது எதுவானாலும் அவர் பொறுப்பு.
>
> 10. உரிமையாளர் பொறுப்பில் உள்ள பழுதை வாடகைதாரர் படத்தோடு வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும். தண்ணீர் வராமை, மின் கசிவு, கூரை ஒழுகல் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் மற்றவை 10 நாட்களுக்குள்ளும் உரிமையாளர் வேலையைத் தொடங்க வேண்டும்.
>
> 11. தொடங்காவிட்டால் வாடகைதாரரே சரிசெய்து, பில்லைக் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. செலவு ரூ.5,000-ஐத் தாண்டும் என்றால் முன்கூட்டியே மதிப்பீட்டை அனுப்ப வேண்டும்.
>
> 12. பழுது பார்க்க வரும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டுப் பகல் நேரத்தில் வர வேண்டும்.

பத்தாவதில் ‘சரிசெய்ய வேண்டும்’ என்று போடாமல் ‘தொடங்க வேண்டும்’ என்று போட்டதைக் கவனியுங்கள். ஐப்பசி மழையில் மொட்டை மாடி ஒழுகினால் 48 மணி நேரத்தில் யாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. தளம் காய வேண்டும். நடக்க முடியாததை எழுதினால் அந்த விதியை இருவருமே மதிக்க மாட்டார்கள். தார்ப்பாய் போடுவதும் கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டுவதும் முடியும்.

இணைப்புப் பட்டியல்

சேதமா தேய்மானமா என்ற வழக்குக்குச் சாட்சி இந்த ஒரு பக்கம்தான். மின்விசிறி எத்தனை, ட்யூப்லைட் எத்தனை, சாவி எத்தனை ஜோடி, கீசர் எந்த வருடத்தது, எந்தச் சுவரில் ஏற்கெனவே ஓதக் கறை இருக்கிறது என்று எழுதுங்கள். ‘பின்பக்கப் படுக்கையறை, மேற்குச் சுவர், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை ஓதம்’ என்கிற அளவுக்கு இருந்தால் நல்லது. குடி வரும் நாளின் மீட்டர் ரீடிங்கை எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுக்கிறார்கள். இந்த எண் இல்லாவிட்டால் முன்பு இருந்தவர் ஓட்டிய ஏசிக்கு நீங்கள் பணம் கட்ட நேரும்.

ஓட்டிப் பார்ப்பது

கையெழுத்துக்கு முன் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாடகைதாரருக்கு வேலை மாற்றல் வருகிறது. ஆகஸ்ட் 10 அன்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்புகிறார். ஐந்தாவது விதிப்படி எண்ணிக்கை ஆகஸ்ட் 11-இல் தொடங்குகிறது. ஆகஸ்டில் 21 நாள், செப்டம்பரில் 30 நாள், அக்டோபரில் 9 நாள். ஆக 60-ஆவது நாள் அக்டோபர் 9. ஆனால் அவர் செப்டம்பர் 30 அன்றே சாவியைக் கொடுத்துவிடுகிறார். புது ஆள் யாரும் வரவில்லை. குறைவு 9 நாள். 14,000-ஐ முப்பதால் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் ரூ.4,200. கடைசி ரீடிங்கிலிருந்து மின் கட்டணம் ரூ.1,840 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, பில் ரூ.650. சுவரில் நாலைந்து ஆணி ஓட்டைகள் இருக்கின்றன.

மொத்தப் பிடித்தம் ரூ.6,690. திரும்ப வர வேண்டியது ரூ.35,310. அதில் ரூ.21,000 செப்டம்பர் 30 அன்றே; மீதி ரூ.14,310 அக்டோபர் 15-க்குள்.

ஆணி ஓட்டை? நம் வரைவில் அதற்குப் பதில் இல்லை. சேதம் என்று வீட்டுக்காரர் சொல்வார், தேய்மானம் என்று குடியிருந்தவர் சொல்வார். ஓட்டிப் பார்த்ததால்தான் இந்த ஓட்டை தெரிந்தது. மூன்றாவது விதியின் கீழ் ஒரு வரி சேர்ப்போம்: ‘படம், காலண்டர் மாட்ட அடித்த ஆணித் துளைகள் அறைக்கு ஐந்து வரை இயல்பான தேய்மானம். சுவரில் துளையிட்டு அலமாரி, டிவி பொருத்தியிருந்தால் துளையை அடைக்கும் செலவு வாடகைதாரருடையது.’ இதே மாதிரி வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தும் ஒரு முறை ஓட்டுங்கள்: ஜனவரியில் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி வீடு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டு.

கையெழுத்தும் பதிவும்

முத்திரைத்தாளில் இரண்டு பிரதி எடுத்து, இணைப்பு உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகள் முகவரியோடு கையெழுத்திடட்டும். கையால் திருத்திய இடங்களில் பக்கத்திலேயே இருவரின் சுருக்கொப்பமும் வேண்டும். ஆணித் துளை வரியைப் பேனாவால் சேர்த்தால் அங்கேயும்தான். காலியான கட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

பிறகு tenancy.tn.gov.in தளத்தில் ஒப்பந்தத்தைப் பதிவுக்குக் கொடுக்கலாம். உரிமையாளரோ வாடகைதாரரோ யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். அதை இரண்டு பிரதியின் முதல் பக்கத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; வாடகை அதிகாரியிடம் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.